கோத்தகிரிக் காட்டெருமையும் யூடியூப் வடிகட்டியும்

இரண்டு காணொளிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஆறு நிமிடம் ஓடுகிறது. தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை எதிர்ப்பட்டால் எப்படி விலக வேண்டும், விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வனக்காவலர் நின்று நிதானமாகச் சொல்கிறார். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. அதன் தலைப்பு: "காட்டெருமை தாக்கித் தொழிலாளி பலி! உயிர் தப்புவது எப்படி?" இரண்டாவது நாற்பது நொடிதான். கோத்தகிரிப் பக்கம் ஒரு தெருவில் ஒருவரைக் காட்டெருமை கொம்பால் தூக்கி எறிகிறது. கைப்பேசியில் படம்பிடித்தவர் வாய்க்கு வந்த கெட்ட வார்த்தைகளைக் கத்துகிறார். அதன் தலைப்பு: "இன்று காலை எங்கள் தெருவில்".

இரண்டும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் இந்த இரண்டு வகைக் காணொளிகளும் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பகுதிகளில் உள்ளவர்களுக்குப் புதியவை அல்ல. யூடியூபின் கட்டுப்பாட்டு முறையை இயக்கி வைத்திருக்கும் ஒரு கணினியில், பிள்ளைகள் பார்க்க வேண்டிய முதல் காணொளி மறைந்துபோய், பார்க்கக் கூடாத இரண்டாவது தடையில்லாமல் ஓடுவது முற்றிலும் நடக்கக்கூடிய ஒன்று. ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால், அந்த வடிகட்டியிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெளிவாகிவிடும். ஹட்டிகளிலும் தோட்ட லைன் வீடுகளிலும் ஒரே இணைய இணைப்பைப் பல பிள்ளைகள் பகிர்ந்து படிக்கும் மாலை நேர மையங்களை நடத்துகிறவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடுவோம். திரையில் Restricted Mode என்ற பெயரில் இருக்கும் இந்த வசதியை யூடியூப் 2010இல் 'பாதுகாப்பு முறை' என்று பொருள்படும் வேறொரு பெயரில் கொண்டுவந்தது. யாரும் இயக்காதவரை அது அணைந்தே இருக்கும். கணினியில், மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் திறக்கும் பட்டியலின் அடியில் அதற்கான சுவிட்ச் இருக்கிறது. இயக்கினால், முதிர்ந்தவர்களுக்கு மட்டுமே ஏற்றதாக இருக்கக்கூடும் என்று யூடியூப் கருதும் காணொளிகள் தேடலிலிருந்தும் பரிந்துரைகளிலிருந்தும் விலகிவிடும். நேரடி இணைப்பைக் கொடுத்தாலும் திறக்காது.

இது பிள்ளைகளுக்கான யூடியூப் அல்ல. சிறுவர்களுக்கென்று 2015இல் வந்த யூடியூப் கிட்ஸ் தனிச் செயலி. பெற்றோர் மேற்பார்வையில் இயங்கும் கணக்குகளும் தனி ஏற்பாடு. அவை குழந்தைகளுக்கு எது ஏற்றது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகின்றன. கட்டுப்பாட்டு முறை எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. முழு யூடியூபையும் அப்படியே எடுத்துக்கொண்டு, அதிலிருந்து சந்தேகத்துக்கு உரியவற்றை மட்டும் கழித்துவிடுகிறது. சந்தேகம் வராத எதுவும் அங்கேயே இருக்கும்.

எவற்றைக் கழிக்க விரும்புகிறது என்பதை யூடியூப் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. போதைப்பொருள், மது பற்றிய பேச்சு, பாலியல் விவரிப்பு, வன்முறை, போர், குற்றம், பயங்கரவாதம் போன்ற கனமான விஷயங்களின் விரிவான விவரிப்பு, கெட்ட வார்த்தைகள், தனிமனிதர்களையோ குழுக்களையோ இழிவுபடுத்தும் பேச்சு. காட்டெருமை தூக்கி எறியும் காட்சியும் அதன் பின்னணி வசவும் இந்தப் பட்டியலின்படி மறைய வேண்டியவை. எனவே விதி சரியாகத்தான் இருக்கிறது. விதியை ஒரு காணொளிக்குப் பொருத்துவது யார், எதைக் கொண்டு என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

யூடியூபில் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 500 மணி நேரக் காணொளிகள் பதிவேறுவதாக 2019 வாக்கில் அந்த நிறுவனமே சொன்னது. ஒரு நாளைக்கு ஏழு லட்சம் மணி நேரத்துக்கும் மேல். மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்து முடிவெடுக்க இயலாது. ஆகவே பெரும்பாலான முடிவை ஒரு நிரல் எடுக்கிறது. அது கவனிக்கும் தடயங்களாக யூடியூப் குறிப்பிடுபவை: காணொளியின் தலைப்பு, கீழே எழுதியிருக்கும் விவரம், பதிவேற்றும்போது இணைக்கப்படும் குறிச்சொற்கள் முதலிய தகவல்கள், பேச்சில் பயன்படுத்தப்படும் மொழி, அந்தக் காணொளிக்கு ஏற்கெனவே வயது வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறதா என்பது, யாராவது புகார் செய்து மனிதர்கள் பரிசீலித்த வரலாறு இருக்கிறதா என்பது. எந்தத் தடயத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அவர்கள் வெளியிடுவதில்லை. வெளியிட்டால் ஏய்க்க நினைப்பவர்களுக்கு அது வழிகாட்டியாகிவிடும் என்பது இத்தகைய வடிகட்டிகளை நடத்துகிறவர்கள் பொதுவாகச் சொல்லும் காரணம்.

இந்தத் தடயங்களை ஒருமுறை திரும்பப் பாருங்கள். அவற்றில் பெரும்பகுதி காணொளிக்குள் இருப்பவை அல்ல. காணொளியைச் சுற்றி மனிதர்கள் எழுதி வைத்தவை. ஊர் நூலகத்தில் புத்தகத்தைத் திறக்காமல் அட்டையையும் பதிவேட்டையும் மட்டும் பார்த்து அடுக்குகிற ஒருவரைப் போலத்தான் வடிகட்டியின் வேலை பெரும்பாலும் நடக்கிறது. அட்டை உண்மையைச் சொன்னால் வேலை சரியாக நடக்கும்.

இப்போது நம் இரண்டு காணொளிகளையும் அதன் முன் வைப்போம். முதலாவதன் தலைப்பில் 'தாக்கி' இருக்கிறது, 'பலி' இருக்கிறது. விவரப் பகுதியில், அண்மையில் எங்கெங்கே உயிரிழப்பு நேர்ந்தது என்று பொறுப்போடு எழுதியிருப்பார்கள். அதில் மரணம், காயம், தாக்குதல் என்ற சொற்கள் மீண்டும் மீண்டும் வரும். வனக்காவலர் பேச்சிலும் அவையே வரும், அதுவும் தெளிவான உச்சரிப்பில். ஆபத்தை விளக்கும் ஒருவரால் ஆபத்தின் பெயரைச் சொல்லாமல் பேச முடியாது. நிரலின் கண்ணில் இது வன்முறையைப் பற்றிய காணொளிகளோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. சந்தேகப் புள்ளி ஏறுகிறது.

இரண்டாவதன் தலைப்பில் எந்தத் தடயமும் இல்லை. விவரப் பகுதி காலி. குறிச்சொற்கள் இல்லை. பதிவேற்றியவருக்கு அதற்கெல்லாம் நேரம் எங்கே? பேச்சிலிருந்து ஏதாவது எடுக்கலாம் என்றால், காற்றின் இரைச்சலும் அலறலும் நாய்க்குரைப்புமாக இருக்கிறது; நடுவே தமிழும் படுகமும் கலந்து ஓடுகிறது. ஆடிக்கொண்டே இருக்கும் படத்தில் ஒரு காட்டெருமை தெரிகிறது. சுற்றுலா வந்தவர்கள் காருக்குள்ளிருந்து எடுத்துப் போடும் அமைதியான காட்டெருமைக் காணொளிகளிலும் அதே விலங்கு, அதே தேயிலைப் பச்சை. முந்நூறு பேர் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதே ஊர்க்காரர்கள். ஒருவரும் புகார் செய்யவில்லை. எனவே மனிதப் பரிசீலனையும் இல்லை, வயது வரம்பும் இல்லை. சந்தேகப் புள்ளி அடியிலேயே நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடிகட்டி இரண்டாவது காணொளியைப் பார்த்து 'இது நல்லது' என்று முடிவு செய்யவில்லை. கெட்டது என்று சொல்லச் சான்று இல்லை என்பதால் விட்டுவிட்டது. கழித்தல் முறையில் இயங்கும் எந்த ஏற்பாட்டிலும், தெரியாதது பெரும்பாலும் தெரிந்த நல்லதோடு சேர்ந்தே போய்விடும். தடயம் இல்லாதவற்றை எல்லாம் மறைப்பது என்று வைத்துக்கொண்டால், சிறிய ஊர்களிலிருந்து சிறிய கேமராக்களில் எடுத்துப் போடப்படும் எதுவுமே மிஞ்சாது. அதனால் ஒரு கோடு போட்டு, புள்ளி அதற்கு மேலே போனால்தான் மறைப்பது என்று நிறுத்துகிறார்கள்.

அந்தக் கோட்டை எங்கே போடுவது? இதுதான் வடிகட்டியின் இதயமான கேள்வி. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, கணக்கு முறை உண்மை. பிள்ளைகள் எட்டக்கூடிய 1,000 காணொளிகளில் 20 மட்டும் பொருந்தாதவை என்று வைத்துக்கொள்வோம். மோசமானவற்றில் பத்துக்கு ஒன்பதைப் பிடிக்கும் நல்ல வடிகட்டி ஒன்று கிடைக்கிறது. அது நல்லவற்றில் நூற்றுக்கு ஐந்தை மட்டும் தவறுதலாகப் பிடிக்கிறது. கேட்கும்போது மிகச் சிறந்ததாகத் தோன்றும். 20இல் 18 பிடிபடும், 2 தப்பும். மீதமுள்ள 980 நல்லவற்றில் நூற்றுக்கு ஐந்து என்றால் 49 மறைந்துபோகும். ஆக மறைந்தவை மொத்தம் 67. அவற்றில் மறைய வேண்டியவை 18தான். மறைந்த நான்கில் ஏறத்தாழ மூன்று குற்றமற்றவை. இத்தனைக்குப் பிறகும் அந்த இரண்டு தப்பிப் போயிருக்கின்றன.

தப்பிய இரண்டையும் பிடிக்கலாம் என்று கோட்டைக் கீழே இறக்கினால் மறையும் நல்லவை நூற்றைத் தாண்டிப் போகலாம். நல்லவற்றைக் காப்பாற்றலாம் என்று கோட்டை மேலே ஏற்றினால் தப்புபவை இரண்டிலிருந்து ஐந்தாகவோ ஆறாகவோ பெருகும். வடிகட்டியின் கூர்மை மாறாதவரை, கோட்டை நகர்த்துவதால் ஒரு தவற்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறோம், அவ்வளவுதான். பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் யூடியூப் தரும் 'கண்டிப்பான', 'மிதமான' என்ற இரண்டு நிலைகளும் அடிப்படையில் இந்தக் கோட்டின் இரண்டு இடங்கள். மிதமான நிலையில் காணக் கிடைப்பவை மிக அதிகம்; அதே அளவுக்குத் தப்பி வருபவையும் அதிகம் இருக்கும்.

கூர்மையை ஏற்றுவதுதான் உண்மையான தீர்வு. நம் மலைக்கு அது ஏன் எளிதில் வந்து சேர்வதில்லை என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட நிரல்கள் மனிதர்கள் 'இது சரி, இது தவறு' என்று குறித்துக் கொடுத்த எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் அந்த எடுத்துக்காட்டுகள் ஏராளம். தமிழில் அதைவிடக் குறைவு. தமிழிலும் செய்தித் தமிழுக்குக் கிடைக்கும் அளவு, ஒவ்வொரு வட்டாரத்தின் பேச்சுக்கும் கிடைக்காது. வசவு என்பது முழுக்க வட்டாரத்துக்குச் சொந்தமானது. கோவையில் சாதாரணமாகப் போகும் சொல் இன்னொரு ஊரில் சண்டையை மூட்டும். தவிர, பலர் தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்கிறார்கள். அதற்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது என்பதால் ஒரே கெட்ட வார்த்தை பத்து வடிவங்களில் வரும். ஒன்றைக் கற்றுக்கொண்ட நிரல் மற்ற ஒன்பதையும் அடையாளம் காணும் என்று சொல்ல முடியாது.

படுக மொழிக்கு வந்தால் நிலைமை இன்னும் மெலிகிறது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் மொழி அது. அதில் பாட்டும் நகைச்சுவையும் திருமணக் காட்சிகளும் யூடியூபில் நிறைய வருகின்றன. ஆனால் பேச்சைக் கேட்டுத் தானாக எழுத்தாக்கும் யூடியூபின் மொழிப் பட்டியலில் படுகம் இல்லை. தோதர், கோத்தர் மொழிகளும் இல்லை. இந்த மொழிகளில் பேசப்படுவது நல்லதோ கெட்டதோ, எழுத்தாக மாறி நிரலின் முன் வந்து நிற்பதற்கு வழியில்லை. வேறு மொழி என்று தவறாக எண்ணிக் கேட்டால் வருவது குழப்பமான சொற்கோவைதான். அதில் எதுவும் அகப்படாமல் போகலாம். சம்பந்தமே இல்லாத ஒரு சொல் அகப்பட்டு நல்ல காணொளி மாட்டிக்கொள்ளவும் கூடும்.

புகார் என்ற தடயமும் இங்கே பலவீனமாகத்தான் இருக்கும். பத்து லட்சம் பேர் பார்க்கும் காணொளியில் தவறான ஒன்று இருந்தால் சில நூறு பேராவது புகார்க் கொடியை அழுத்துவார்கள். அது பரிசீலிப்பவரின் மேசைக்குப் போகும். முந்நூறு பேர் பார்க்கும் காணொளியில் அது நடப்பதில்லை. அதிலும் பார்த்தவர்கள் எல்லாம் உறவும் பங்காளியுமாக இருக்கும்போது யார் புகார் செய்வார்கள்? சிறிய மொழி, சிறிய ஊர், சிறிய கூட்டம் மூன்றும் சேரும் இடத்தில் வடிகட்டிக்குத் தடயமே மிஞ்சுவதில்லை. எல்லா மொழிகளிலும் இந்த முறை இயங்கினாலும், பண்பாட்டு வேறுபாடுகளால் தரம் இடத்துக்கு இடம் மாறலாம் என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வரி நம் ஊர்ப் பெற்றோர் கட்டாயம் படிக்க வேண்டியது.

தவறுதலாக மறைப்பது எவ்வளவு பெரிதாக நடக்கக்கூடும் என்பதை 2017இல் உலகமே பார்த்தது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில், தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநர்களும் தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசிய, எந்த ஆபாசமும் இல்லாத காணொளிகள் கட்டுப்பாட்டு முறையில் மறைந்திருப்பதை அவற்றை உருவாக்கியவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். யூடியூப் மன்னிப்புக் கேட்டது. ஏப்ரலில், தங்கள் தரப்பில் ஒரு தொழில்நுட்பப் பிழையைச் சரிசெய்துவிட்டதாகவும், அதன் பிறகு 1 கோடியே 20 லட்சம் காணொளிகள் கூடுதலாகக் கட்டுப்பாட்டு முறையில் தெரியத் தொடங்கியிருப்பதாகவும் அறிவித்தது. ஒரு குழுவைப் பற்றிய சொற்கள், அந்தக் குழுவை இழிவுபடுத்தும் காணொளிகளிலும் வரும். அந்தக் குழுவினரே தங்களைப் பற்றிப் பேசும் காணொளிகளிலும் வரும். சுற்றியிருக்கும் சொற்களை நம்பும் வடிகட்டி இரண்டையும் ஒன்றாகவே பார்க்க வாய்ப்பு அதிகம். நம் வனக்காவலரின் காணொளிக்கு நேர்ந்ததும் இதே வகைதான்.

அப்போது யூடியூப் சொன்ன இன்னொரு தகவலும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அன்றாடப் பார்வைகளில் ஏறத்தாழ 1.5 சதவீதம் மட்டுமே கட்டுப்பாட்டு முறையில் பார்ப்பவர்களிடமிருந்து வருகிறது என்றார்கள். நூறு பார்வைகளில் தொண்ணூற்றெட்டுக்கும் மேல் அந்தத் திரைக்கு வெளியேதான் நடக்கின்றன. எனவே ஒரு காணொளி மறைந்துவிட்டது என்பது அதை உருவாக்கியவருக்குக்கூடத் தெரியாமல் போகிறது. அவருடைய பார்வை எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு தெரியாது. பள்ளி ஆய்வகத்தில் தேடிப் பார்த்த மாணவிக்கோ, அப்படி ஒரு காணொளி இருந்தது என்பதே தெரியாது.

எதிர்ப்பக்கமாக, வேண்டுமென்றே தடயத்தை மறைப்பவர்களும் உண்டு. 2017இன் இறுதியில், குழந்தைகளுக்குப் பழகிய கார்ட்டூன் பாத்திரங்களை வைத்து வன்முறையும் அருவருப்பும் நிறைந்த காணொளிகள் சிறுவர்களுக்கான பரிந்துரைகளிலேயே கலந்து வந்தது பெரும் சர்ச்சையானது. தலைப்பும் முகப்புப் படமும் குழந்தைத்தனமாக இருக்கும். உள்ளே இருப்பது வேறு. அட்டையை நம்பும் எவரையும் ஏய்க்க அட்டையை மாற்றினால் போதும் என்பதை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

ஒரே ஒரு இடத்தில் யூடியூப் சந்தேகத்துக்கே வழி வைக்கவில்லை. கட்டுப்பாட்டு முறையில் கருத்துப் பகுதி முழுவதும் மறைக்கப்படுகிறது, காணொளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும். கீழே எவர் என்ன எழுதுவார் என்று முன்கூட்டியே கணிக்க முடியாது என்பதால் இது சரியான முடிவு என்பேன். இதனால் நமக்கு இன்னொரு பயனும் உண்டு. அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

இதுவரை சொன்னவை வடிகட்டியின் தீர்ப்பில் வரும் பிழைகள். ஆனால் நேரடியாகப் பார்த்த அளவில், 'வடிகட்டி தவறவிட்டது' என்று பெற்றோரும் ஆசிரியரும் சொல்லும்போது பல நேரங்களில் அந்த இடத்தில் வடிகட்டியே இயங்கிக்கொண்டிருக்கவில்லை. இதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும், ஏனென்றால் இதை நாமே சரிசெய்ய முடியும்.

பட்டியலின் அடியில் இருக்கும் அந்த சுவிட்ச், நீங்கள் இயக்கிய அந்த ஒரு உலாவிக்கு அல்லது அந்த ஒரு செயலிக்கு மட்டும்தான். குரோமில் இயக்கினால் அதே கணினியிலுள்ள ஃபயர்பாக்ஸுக்குத் தெரியாது. அம்மாவின் கைப்பேசியில் இயக்கினால் வீட்டு டிவிக்குத் தெரியாது. உலாவியின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்தால் சேமித்த அமைப்பு எதுவும் அங்கே வராது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை, அந்த சுவிட்சை அணைப்பதும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரே இணைப்பைப் பலர் பகிரும் மையத்தில், சுவிட்சைக் கணினியில் வைக்காமல் இணைப்பில் வைப்பதே பயன் தரும். இணையத்தில் ஒரு முகவரியைக் கேட்கும் ஒவ்வொரு கருவியும் முதலில் டிஎன்எஸ் என்ற பெயர்ப் பதிவேட்டிடம் 'இந்தப் பெயருக்கு எண் முகவரி என்ன' என்று விசாரிக்கிறது. யூடியூபின் பெயரைக் கேட்கும்போது வழக்கமான எண்ணுக்குப் பதிலாகக் கட்டுப்பாட்டு முறைக்கென்று யூடியூப் ஒதுக்கியிருக்கும் எண்ணைக் கொடுத்துவிட்டால், அந்த இணைப்பில் உள்ள எல்லாக் கருவிகளும் கட்டுப்பாட்டு முறையிலேயே யூடியூபைப் பெறும். கணினியிலுள்ள சுவிட்சை அணைக்கவும் முடியாது. கண்டிப்பான நிலைக்கான பதிவுகள் இவை:

```
216.239.38.120  www.youtube.com
216.239.38.120  m.youtube.com
216.239.38.120  youtubei.googleapis.com
216.239.38.120  youtube.googleapis.com
216.239.38.120  www.youtube-nocookie.com
```

மிதமான நிலை வேண்டுமென்றால் கடைசி எண்ணை 119 என்று மாற்ற வேண்டும். ஐந்து பெயர்களையும் சேர்ப்பது முக்கியம். முதல் வரியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது வழக்கமாக நடக்கும் தவறு. அப்போது கணினியில் வடிகட்டி இயங்கும், கைப்பேசியின் செயலியில் இயங்காது. ஐந்தாவது வரி இல்லையென்றால் வேறு வலைத்தளங்களுக்குள் பதிக்கப்பட்டிருக்கும் யூடியூப் காணொளிகளில் ஒரு பகுதி வடிகட்டியைத் தொடாமலே வந்துவிடும். உங்கள் வைஃபை கருவியில் இப்படிப் பதிவுகளைச் சேர்க்க இடமில்லை என்றால், இதே வேலையைத் தங்கள் பக்கத்தில் செய்து தரும் குடும்பங்களுக்கான டிஎன்எஸ் சேவைகள் உண்டு. அவற்றின் எண்ணை வைஃபை கருவியின் டிஎன்எஸ் கட்டத்தில் கொடுத்தால் போதும்.

இதற்கும் எல்லை உண்டு. மையத்தின் வைஃபையை விட்டு வெளியேறும் கைப்பேசிக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. மலைச்சரிவில் ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. ஆனால் மையம் இருக்கும் இடத்தில் சிக்னல் நன்றாக இருந்தால், பையில் இருக்கும் கைப்பேசியின் மொபைல் டேட்டாவுக்கு மாறுவது ஒரு விரல் தட்டலில் முடிந்துவிடும். விபிஎன் செயலிகளும், டிஎன்எஸ் விசாரணையை மறைத்து அனுப்பும் உலாவி அமைப்புகளும் இதைத் தாண்டிவிடும். வாட்ஸ்அப்பில் வந்து சேரும் காணொளிக் கோப்புக்கும் இந்த வடிகட்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நம் பக்கத்தில் காட்டெருமை, கரடி, சிறுத்தைக் காட்சிகள் அதிகம் பரவுவது யூடியூபிலா, வாட்ஸ்அப்பிலா என்று யோசித்துப் பார்த்தால் இந்த எல்லையின் அளவு புரியும்.

சரி, இயங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எளிமையான வழி, கருத்துப் பகுதியைப் பார்ப்பது. மிகப் பிரபலமான எந்தக் காணொளியையும் திறந்து கீழே உருட்டுங்கள். கட்டுப்பாட்டு முறை கருத்துகளை மறைத்திருக்கிறது என்ற அறிவிப்பு இருந்தால் வடிகட்டி இயங்குகிறது. கருத்துகள் கொட்டிக் கிடந்தால் இயங்கவில்லை. ஐந்து நொடி வேலை. கைப்பேசி, டிவி, கணினி ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இணைப்பின் அளவில் கட்டுப்பாடு அமைந்திருக்கிறதா என்று பார்க்க யூடியூபே ஒரு பக்கம் வைத்திருக்கிறது:

```
https://www.youtube.com/check_content_restrictions
```

அதில் டிஎன்எஸ் வழியாகக் கட்டுப்பாடு வந்திருக்கிறதா, கணக்கு வழியாக வந்திருக்கிறதா என்று பிரித்தே காட்டும். இந்த இரண்டு சோதனைகளிலும் எல்லாம் சரியாக இருந்து, அதன் பிறகும் பொருந்தாத காணொளி ஒன்று வந்தால்தான் அது வடிகட்டியின் தீர்ப்புப் பிழை. அப்போது செய்ய வேண்டியது அந்தக் காணொளியைப் புகார் செய்வது. முந்நூறு பேர் பார்க்கும் ஒரு மலைக் காணொளிக்கு நீங்கள் அழுத்தும் கொடியே முதல் தடயமாக இருக்கக்கூடும்.

தவறுதலாக மறைந்தவற்றைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம், ஏனென்றால் தேடலில் இல்லாத ஒன்று கண்ணில் படாது. ஒரு தலைப்பைப் பற்றிப் பாடம் எடுக்கும் முன் ஆசிரியர் தன் கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் தேடி, வேண்டிய காணொளிகளின் இணைப்புகளைக் குறித்துக்கொண்டு, அதே இணைப்புகளை மையத்தின் கணினியில் திறந்து பார்க்க வேண்டும். எதெல்லாம் திறக்கவில்லையோ அவை மறைக்கப்பட்டவை. குடி நோய் விழிப்புணர்வு, பூப்பு பற்றிய பாடம், பாலியல் சீண்டலிலிருந்து தற்காத்துக்கொள்வது, வனவிலங்கு மோதல், உலகப் போர் வரலாறு ஆகியவற்றில் இதைச் செய்யாமல் வகுப்புக்குப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகளுக்கு மிகத் தேவையான பாடங்கள்தான் வடிகட்டியின் சந்தேகச் சொற்களோடு மிக நெருக்கமாக இருக்கின்றன.

மறைந்த ஒன்றை மீட்க என்ன வழி? கூகுளின் கல்விக் கணக்குகளைப் பயன்படுத்தும் பள்ளியாக இருந்தால், நிர்வாகி அனுமதி அளித்த ஆசிரியர்கள் தனிப்பட்ட காணொளிகளை ஒப்புதல் செய்து மாணவர்களுக்குத் தெரியச் செய்யலாம். சாதாரண வீட்டிலும் மாலை மையத்திலும் அந்த வசதி கிடையாது. இந்த ஒன்றை மட்டும் விடு என்று சொல்ல இடமே இல்லை. எனவே ஆசிரியர் தன் சொந்தக் கருவியிலிருந்து திரைக்கருவியில் ஓடவிட்டுக் கூடவே நின்று விளக்குவதுதான் நடைமுறை வழி.

ஊரில் காணொளி எடுத்துப் பதிவேற்றுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பதிவேற்றிய பின் தாங்களே கட்டுப்பாட்டு முறையை இயக்கித் தங்கள் காணொளியைத் திறந்து பார்க்கலாம். மறைந்திருந்தால் முதலில் தலைப்பைப் பாருங்கள். பார்வையாளரை இழுப்பதற்காகச் சேர்த்த 'பலி'யையும் ஆச்சரியக் குறியையும் எடுத்துவிட்டு, "தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை: பாதுகாப்பு வழிகாட்டி" என்பதுபோல் உள்ளடக்கத்தை அப்படியே சொல்லுங்கள். விவரப் பகுதியில் யாருக்காக, எதற்காக எடுக்கப்பட்டது என்று முழு வாக்கியங்களில் எழுதுங்கள். படுகத்தில் பேசியிருந்தால் தமிழிலோ ஆங்கிலத்திலோ வசன வரிகளை நீங்களே எழுதிச் சேர்த்தால், நிரலுக்குப் படிக்க எதுவும் இல்லாத நிலை மாறும். உடனே தெரியத் தொடங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சில நாட்கள் விட்டு மீண்டும் பார்க்க வேண்டும்.

மையம் நடத்துகிறவர்கள் ஒரு சிறிய சோதனைப் பட்டியலைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது. கட்டாயம் திறக்க வேண்டிய ஐந்து காணொளிகள், கட்டாயம் மறைய வேண்டிய ஐந்து காணொளிகள் போதும். வைஃபை கருவியை மாற்றினாலோ, புதிய கணினி வந்தாலோ, மின்தடைக்குப் பிறகு கருவி பழைய அமைப்புக்குத் திரும்பிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலோ அந்தப் பத்தையும் திறந்து பாருங்கள். மறைய வேண்டிய ஐந்தும் திறந்தால் டிஎன்எஸ் அமைப்பு கழன்றுவிட்டது என்று பொருள். ஒன்றிரண்டு மட்டும் மாறியிருந்தால் உங்கள் இணைப்பில் குறை எதுவும் இல்லை. யூடியூப் தன் பக்கத்தில் அவற்றை வேறுவிதமாக மதிப்பிட்டிருக்கிறது.